புகையிலையை விட மருந்து உண்டு, பாக்கை விட மருந்து இல்லை



கல்முனைக் கரையில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வருவது தண்ணீர், அடுத்து வருவது வட்டா. சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் இன்றைக்கும் அப்படித்தான். பித்தளை வட்டாவில் வெற்றிலை, சீவிய பாக்கு, சுண்ணாம்பு, ஓரத்தில் ஒரு துண்டு யாழ்ப்பாணப் புகையிலை. கரும்பு வெட்டுகிறவருக்கும் மலையகத்தில் கொழுந்து பறிக்கிறவருக்கும் வட்டா கிடையாது. அவர்களுக்கு அது மடியில் முடிந்த ஒரு சின்னப் பை. உள்ளே இருக்கும் சாமான் ஒன்றுதான்.

இதை விடச் சொல்லி நமக்கு எத்தனையோ கூட்டம் போட்டிருக்கிறார்கள். அழுகிய வாய்ப் படங்களைக் காட்டுவார்கள். நாமும் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, வெளியே வந்து ஒரு வாய் போட்டுக்கொள்வோம். படம் காட்டியவர்கள் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. நம் கொடுப்புக்குள் அடங்கியிருக்கும் அந்த உருண்டையில் நம்மைப் பிடித்திருப்பது ஒரு பொருள் அல்ல, இரண்டு. ஒன்று புகையிலையில் உள்ள நிக்கொட்டின். மற்றது பாக்கில் உள்ள அரிக்கொலின். முதலாவதற்கு மாற்று மருந்து கடையில் உண்டு. இரண்டாவதற்கு அப்படி ஒரு மருந்து இல்லை, பழக்கத்தைப் பழக்கத்தால்தான் தள்ள வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாததால் என் மச்சான் ஒரு தடவை தோற்றார். நான் பல வருஷம் ஏமாந்தேன்.

மச்சான் பதினாலு வயதில் போடத் தொடங்கியவர். ஐம்பத்திரண்டாவது வயதில் கணக்குப் பார்த்தோம். ஒரு நாளைக்குப் பதினொரு வாய், வெட்டுக் காலத்தில் இன்னும் கூட. சுபஹுத் தொழுகை முடிந்து பத்து நிமிஷத்துக்குள் முதல் வாய். இரவில் கொடுப்பில் அடக்கிக்கொண்டே தூங்கிவிடுவார். கரும்பு வெட்டுகிறவன் ஏன் போடுகிறான் என்று கூட்டத்துக்கு வருகிறவர்கள் யாரும் கேட்பதில்லை. விடியக் கத்தியைப் பிடித்தால் பத்து மணிக்கு முன்னால் சாப்பாடு இல்லை. புகையிலை பசியை அமத்தும், பாக்கு உடம்பைச் சூடாக்கி உஷார் கொடுக்கும். கை வேலையில் இருக்கும்போதே வாய்க்குள் நடக்கிற காரியம் இது ஒன்றுதான். பீடி பற்ற வைக்க வேலையை நிறுத்த வேண்டும், இதற்கு வேண்டாம். கொழுந்து பறிக்கிற சகோதரிகளுக்கும் இதே கதைதான் என்று மலையகத் தோழர்கள் சொல்கிறார்கள்.

அவருடைய இடது கன்னத்தின் உட்புறம், அடக்கி வைக்கிற அதே இடத்தில், வெள்ளையாக ஒரு தடிப்பு இருந்தது. துணியால் துடைத்தாலும் போகவில்லை. வலி இல்லாததால் அவர் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. தங்கச்சிதான் இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியின் பல் பகுதியில் காட்டினாள். சின்னத் துண்டு சதை எடுத்து அனுப்பினார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் கலங்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன என்று முடிவு வந்தது. இலங்கையில் ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான் என்பதையும் அன்றைக்குத்தான் அந்த வைத்தியர் வாயால் கேட்டோம்.

மச்சான் ரோசக்காரர். அன்றைக்கே விட்டார். மூன்றாம் நாள் வீட்டில் யாரும் அவருக்குப் பக்கத்தில் போக முடியவில்லை. தலையிடி, தூக்கமின்மை, எதற்கெடுத்தாலும் கோபம். நிக்கொட்டின் நிற்கும்போது முதல் மூன்று நாள்தான் உச்சம், பிறகு இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் மெல்லத் தணியும் என்பது யாருக்கும் தெரியாது. யாரோ சொல்லி, மருந்துக் கடையில் நிக்கொட்டின் சுவிங்கம் வாங்கி வந்தார். அதையும் வெற்றிலை போல் போட்டு மென்றார். சாறு ஊறியது, விழுங்கினார். அரை மணித்தியாலத்தில் விக்கல், நெஞ்செரிவு, குமட்டல். “என்ன மச்சான் இது, மருந்தா மிளகாயா?” என்று பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழைய பைக்குத் திரும்பினார்.

தவறு சுவிங்கத்தில் இல்லை. அதைப் போடுகிற முறை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்காததில்தான்.

வெற்றிலையோடு நாம் சுண்ணாம்பு சேர்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சுண்ணாம்பின் காரம் இருந்தால் நிக்கொட்டின் கன்னத்துத் தோல் வழியாக விரைவாக இரத்தத்துக்குள் போகும். புளிப்பு இருந்தால் போகாது. சுவிங்கத்திலும் இதே விதிதான். அதை மெல்லுவதற்காகச் செய்யவில்லை, கன்னத்தில் அடக்குவதற்காகத்தான் செய்திருக்கிறார்கள். விழுங்கிய நிக்கொட்டின் இரத்தத்துக்குச் சரியாகச் சேராது, வயிற்றைத்தான் புரட்டும்.

இரண்டாவது முறை வைத்தியரே உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுத்தார். வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு ஒரு துண்டைப் போட வேண்டும். மெதுவாகச் சில தடவை மென்றதும் நாக்கில் மிளகு போல் உறைக்கும். உறைத்தவுடன் மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் முரசுக்கும் நடுவில் அடக்க வேண்டும். உறைப்புப் போனதும் திரும்ப இரண்டு மூன்று கடி, அடுத்த கன்னத்தில் அடக்கல். இப்படி அரை மணித்தியாலம். பிறகு துண்டைத் துப்பிவிடலாம். போடுவதற்குக் கால் மணித்தியாலம் முன்பிருந்து வாயில் சுவிங்கம் இருக்கும்வரை தேத்தண்ணி, கோப்பி, பழச்சாறு, சோடா எதுவும் கூடாது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு உடனே போட்டால் காசு வீண். தேயிலையோடு வாழ்கிற நமக்கு இந்த ஒரு வரிதான் கஷ்டம், ஆனால் இதில்தான் பலர் தோற்கிறார்கள். மருந்து வேலை செய்யவில்லை என்பார்கள், மருந்து உடம்புக்குள் போயே இருக்காது.

சுவிங்கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவில் வரும். எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் முதல் வாய் போடுகிறவருக்கு 4, அதற்குப் பிந்திப் போடுகிறவருக்கு 2 என்பது பொது அளவு. மச்சானுக்கு 4. முதல் ஆறு கிழமை, விழித்திருக்கும் நேரத்தில் ஒன்று முதல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று. ஏழாவது கிழமையிலிருந்து இரண்டு முதல் நான்கு மணித்தியாலத்துக்கு ஒன்று. பத்தாவது கிழமையிலிருந்து நான்கு முதல் எட்டு மணித்தியாலத்துக்கு ஒன்று. பன்னிரண்டாவது கிழமையோடு நிறுத்தம். எப்படியும் ஒரு நாளைக்கு 24 துண்டுக்கு மேல் போகக் கூடாது. ஆசை வந்த பிறகு போடுவதைவிட நேரத்துக்குப் போடுவது நல்லது. மச்சான் சின்னப் பிள்ளை போல் கைத்தொலைபேசியில் மணி வைத்துக்கொண்டார்.

அளவு சரியா என்று உடம்பே சொல்லும். குமட்டல், தலைச்சுற்று, நெஞ்சுப் படபடப்பு வந்தால் கூடிவிட்டது அல்லது வேகமாக மெல்லுகிறீர்கள். கோபமும் தவிப்பும் குறையவே இல்லை என்றால் அளவு போதவில்லை. அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும், கர்ப்பிணித் தாய்மாரும், பாலூட்டுகிறவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. சின்னப் பிள்ளைகள் இனிப்பென்று எடுத்துவிடுவார்கள், உயரத்தில் வையுங்கள்.

பல் இல்லாதவர்களுக்கும், தாடை இறுகியவர்களுக்கும் சுவிங்கம் சரிவராது. அவர்களுக்கு வாயில் கரையும் வில்லை இருக்கிறது. தோலில் ஒட்டும் பட்டியும் இருக்கிறது. காலையில் ஒட்டினால் நாள் முழுக்க மெல்ல மெல்ல நிக்கொட்டின் விடும். வெயிலில் கரும்பு வெட்டுகிறவருக்கு அது வியர்வையில் கழன்றுவிடலாம். மயிர் இல்லாத மேல்கையில், துடைத்துக் காய்ந்த தோலில் அழுத்தி ஒட்டி, தினமும் இடத்தை மாற்றினால் ஓரளவு நிற்கும்.

இது மந்திரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்த மருந்துகளைப் பற்றிய ஆராய்ச்சியில் பெரும்பகுதி சிகரெட் பிடிக்கிறவர்களிடம் நடந்தது. புகையிலை மெல்லுகிறவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் கொக்ரேன் அமைப்பு வெளியிட்ட முடிவில், வாயில் கரையும் வில்லைக்குப் பலன் தெரிந்தது, சுவிங்கத்துக்கும் பட்டிக்கும் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் 2024 ஜூலையில் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட வழிகாட்டியில், மெல்லுகிறவர்களுக்கும் நிக்கொட்டின் மாற்று மருந்து அல்லது வரெனிக்கிளின் மாத்திரையை, ஆலோசனையோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்திருக்கிறார்கள். ஆலோசனையோடு சேர்த்து என்பதுதான் முக்கியம். தனியே பெட்டியை நீட்டினால் என்ன நடக்கும் என்பதை மச்சானின் முதல் முறை காட்டியது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் புகையிலை போடுகிறவன் இல்லை. வெறும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. மச்சானுக்கு நான்தான் உபதேசம் செய்துகொண்டிருந்தேன். அவருக்குத் துணையாகப் போன இடத்தில் வைத்தியர் என் சிவந்த பல்லைப் பார்த்துவிட்டு, மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் விடச் சொன்னார். ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றும் மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் போக வேண்டும். எனக்கு இரண்டுதான் போயின. உறைப்புச் சோறு வாயை எரித்ததும், கன்னம் உள்ளே பலகை போல் இருந்ததும் வயது போவதால் என்று நினைத்திருந்தேன். அது கன்னத்துச் சதை நார் பற்றி இறுகும் நோய். அதை உண்டாக்குவது பாக்கு. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், பாக்கு தனியாகவும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இலேயே வெளியிட்டிருக்கிறது. அது இருபது வருஷம் கழித்தும் கல்முனை வரை வந்து சேரவில்லை.

நான் உடனே கேட்டேன், “அப்ப எனக்கும் அந்தச் சுவிங்கத்தைத் தாங்க.” வைத்தியர் சிரித்தார். புகையிலை போடாத ஆளுக்கு நிக்கொட்டின் கொடுத்தால் இல்லாத ஒரு பழக்கத்தைப் புதிதாகப் பழக்குவதாகிவிடும் என்றார். பாக்குக்கு மாற்று என்று எழுதிக் கொடுக்கக் கூடிய மருந்து எதுவும் இல்லை.

மச்சானுக்கும் இதே இடத்தில்தான் அடுத்த கண்டம் இருந்தது. சுவிங்கம் சரியாக வேலை செய்தது, புகையிலை ஆசை அடங்கியது. அவரோ “புகையிலையை விட்டாச்சே, வெறும் வெத்திலைதானே” என்று பாக்கைக் கூட்டிவிட்டார். பத்தொன்பதாம் நாள் ஒரு கல்யாண வீட்டில் வட்டா வந்தது. வெற்றிலையும் பாக்கும் வாய்க்குள் போனதும் பழைய கை பழைய துண்டைத் தேடியது. இரண்டும் நாற்பது வருஷமாகக் கூட இருந்தவை, ஒன்று மற்றதைக் கூப்பிடும். அன்றைக்கு ஒரு வாய், அடுத்த நாள் மூன்று. வைத்தியர் திட்டவில்லை. சறுக்கினால் மருந்தை நிறுத்தக் கூடாது, மறுநாள் அதே கணக்கில் தொடருங்கள், ஆனால் இந்த முறை பாக்கையும் சேர்த்து விடுங்கள் என்றார்.

ஆகவே இருவரும் ஒன்றாக விட்டோம். இங்கேதான் பழக்கங்களின் வேலை வருகிறது. முதலில் எந்த எந்த நேரம் போடுகிறோம் என்று ஒரு கிழமை எழுதினோம். எழுதிப் பார்த்தால் நாள் முழுக்க இல்லை, ஐந்து ஆறு இடம்தான்: விடியத் தேத்தண்ணிக்குப் பின், வேலைக்குப் போகிற வழி, பத்து மணி ஓய்வு, சோறு தின்ற பின், அஸருக்குப் பின் கடைத் தெரு, படுக்கப் போகும்போது. ஒவ்வொரு இடத்துக்கும் வெவ்வேறு சாமான் வைக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு மாற்றை எல்லா நேரத்துக்கும் வைத்தால் இரண்டு நாளில் அலுத்துவிடும்.

விடியற்காலைக்கு மிஸ்வாக் குச்சி. வாய்க்கு வேலை, கைக்கும் வேலை. வேலை நேரத்தில் மச்சானுக்குக் கொப்பரைத் தேங்காய்ச் சீவல். கடினமாக இருக்கும், நேரம் எடுக்கும், பசியையும் கொஞ்சம் தாங்கும். கரும்பு வெட்டுகிறவர் கரும்பையே சப்பலாம் என்று தோன்றும், ஆனால் ஏற்கனவே சுண்ணாம்பு தின்ற பல்லுக்குச் சீனி நல்லதல்ல. சோற்றுக்குப் பின் ஒரு சிட்டிகை பெருஞ்சீரகமும் ஒரு ஏலமும். எனக்குக் கராம்பு பிடித்தது, ஆனால் ஒன்றுக்கு மேல் வைத்தால் இறுகிய கன்னம் எரிகிறது. என்னைப் போல் வாய் எரிகிறவர்கள் கராம்பையும் இஞ்சியையும் விட்டுவிட்டுப் பெருஞ்சீரகத்தோடு நிற்பது நல்லது. கடைத் தெருவில் கூட்டாளிகளோடு நிற்கும்போது சீனியில்லாத சாதாரணச் சுவிங்கம். இரவுக்கு ஒன்றும் இல்லை, பல்லைத் தீட்டிவிட்டுப் படுக்கை. தீட்டிய வாயில் எதையும் அடக்க மனம் வராது. இந்தப் பட்டியலில் ஒன்றைச் சேர்க்காதீர்கள்: கடையில் பளபளப்புப் பைக்கற்றில் தொங்கும் இனிப்புப் பாக்கு. பெயர்தான் இனிப்பு, உள்ளே இருப்பது பாக்கு.

ஆசை எழும்பினால் அது மலை போல் வரும், ஆனால் சில நிமிஷத்தில் இறங்கிவிடும். அந்த நேரம் வாய் கொப்பளித்தோம். ஒழு எடுக்கிறவனுக்கு இது புதிதல்ல. கொப்பளித்த வாயில் உடனே வெற்றிலை போடக் கை கூசும்.

எங்கள் பகுதிக்கு இன்னொரு வசதி இருக்கிறது, நோன்பு. முப்பது நாள் பகல் முழுக்க வாயில் ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். “என்னால் ஒரு மணித்தியாலம் முடியாது” என்கிற அதே ஆள் பதின்மூன்று மணித்தியாலம் இருந்து காட்டுகிறார். நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழத்துக்குப் பின்னாலேயே வட்டா வந்துவிடுவதுதான் கெடுக்கிறது. விட நினைக்கிறவர்கள் அந்த மாதத்தைப் பிடித்துக்கொள்ளலாம். சுவிங்கத்தையும் வில்லையையும் நோன்பு திறந்த பிறகு மட்டுமே போட வேண்டும். தோலில் ஒட்டும் பட்டி வாய்க்குள் போவதில்லை. பகலில் அதை ஒட்டலாமா என்று உங்கள் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அல்லது இரவில் ஒட்டுவதைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். 2016 செப்டெம்பரில் புகையிலை கலந்த பாபுல், மாவா போன்ற கலவைகளைத் தடை செய்தார்கள். நல்லதுதான். ஆனால் நம்மில் யார் அதைப் போட்டோம்? நாம் போடுவது துண்டு துண்டாக வெட்டி விற்கும் காய்ந்த இலை. அது இன்னும் சந்தையில் கிடக்கிறது. விட நினைக்கிறவருக்கு 1948 என்ற இலக்கத்தில் தொலைபேசி ஆலோசனை இருக்கிறது, தமிழிலும் பேசலாம். எத்தனை லயத்தில், எத்தனை கரும்பு வாடியில் அந்த இலக்கம் எழுதி ஒட்டியிருக்கிறது?

நம் சங்கம் இதில் பேச வேண்டும் என்பது என் கருத்து. நிக்கொட்டின் சுவிங்கமும் பட்டியும் 2009 முதல் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. அத்தியாவசியம் என்றால் தோட்ட மருந்தகத்திலும் இருக்க வேண்டாமா? நாட்கூலிக்காரன் பன்னிரண்டு கிழமைக்கு அதைக் காசு கொடுத்து வாங்கி முடிப்பானா? அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு இதையும் வையுங்கள். கூடவே இன்னொன்று. 1980களின் தொடக்கத்தில் கண்டிப் பக்கத்தில் பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் மற்றவர்களும் அடிமட்டச் சுகாதார ஊழியர்களுக்கு வாயைச் சோதிக்கப் பழக்கினார்கள். அந்த ஊழியர்கள் ஒரு வருஷத்தில் 28,000 பேருக்கு மேல் வாயைப் பார்த்தார்கள். நோயின் அடையாளத்தை அவர்களால் கண்டுபிடிக்க முடியும் என்று 1984இல் எழுதியும் வைத்தார்கள். சந்தேகத்தில் அனுப்பப்பட்டவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்பதும் அதில் இருக்கிறது. ஏன் போகவில்லை என்று நமக்குத் தெரியும். கிளினிக்குக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழாது. வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு தொழிலாளியின் வாயையும் பார்க்க வேண்டும், சந்தேகம் என்று அனுப்பினால் அந்த நாளுக்கு முழுப் பேர் போட வேண்டும். இதைக் கேட்பதற்கு நமக்கு யாரும் தேவையில்லை.

அதுவரை நீங்களே வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். அடக்குகிற கன்னம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடி. துடைத்தால் போகாத வெள்ளை, சிவப்புத் திட்டு, இரண்டு கிழமையில் ஆறாத புண், மூன்று விரல் போகாத வாய், இதில் ஒன்று இருந்தாலும் வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

மச்சான் சுவிங்கத்தை நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது. வெள்ளைத் தடிப்பு சுருங்கியிருக்கிறது, போகவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டச் சொல்லியிருக்கிறார்கள். என் வாய் இன்னும் இரண்டு விரல்தான். நார் பற்றியது திரும்பி இளகாது, இனி இறுகாமல் பார்க்கத்தான் முடியும் என்றார் வைத்தியர். தினமும் காலையும் மாலையும் ஐஸ்கிறீம் குச்சிகளைப் பல்லுக்கு நடுவில் அடுக்கி, கிழமைக்கு ஒன்று கூட்டப் பார்க்கிறேன். ஒன்பதில் நிற்கிறது. மாமி வட்டாவை எடுத்து வைக்கவில்லை, அது அவருடைய உம்மா கொடுத்த சீதனம். இப்போது அதில் ஏலம், பெருஞ்சீரகம், பேரீச்சம்பழம் வருகிறது. பாக்குவெட்டியும் சும்மா கிடக்கவில்லை, மச்சானுக்குக் கொப்பரை சீவுவது அதில்தான்.